கைகாட்டிக் கடையின் எண்

புதுக்கோட்டைப் பக்கம் சாலை பிரியும் இடத்தைக் கைகாட்டி என்போம். எந்தக் காலத்திலோ அங்கே ஊர்ப்பெயர் எழுதிய பலகை ஒன்று கை நீட்டி நின்றிருக்கும். பலகை போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. எங்கள் ஊர்க் கைகாட்டியில் ஒரு டீக்கடை, ஓர் உரக்கடை, ஒரு பஞ்சர் கடை, அவற்றுக்கு நடுவே பத்தடி அகலத்தில் ஒரு கடை உண்டு. ரீசார்ஜ், கரண்ட் பில், ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம் என்று ஃபிளக்ஸில் எழுதியிருக்கும். ஃபிளக்ஸ் காற்றில் தூக்கும்போது அதற்குப் பின்னால் ஒரு பழைய தகரப் பலகை தெரியும். மஞ்சள் பூச்சு, கறுப்பு எழுத்து. எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி., பி.சி.ஓ.

சென்ற வருடம் என் சித்தப்பா மகளை அங்கே கூட்டிப் போயிருந்தேன். ப்ளஸ் டூ முடித்திருந்தாள். பொறியியல் கலந்தாய்வுக்கு முதல் பட்டதாரி சான்றிதழ் வேண்டும். அது இருந்தால் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்குக் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. சித்தப்பா சிங்கப்பூரில் கட்டட வேலை பார்க்கிறார். அவருக்கு அந்தத் தொகை பெரிது.

கடைக்கார அண்ணன் அவள் பெயரைத் தேடினார். பள்ளியில் படிக்கும்போது சாதிச் சான்றிதழ் எடுத்தபோதே அவளுக்கு ஒரு கேன் எண் பதிவாகியிருந்தது. வருவாய்த்துறைச் சான்றிதழ் எதற்கு விண்ணப்பித்தாலும் முதலில் இந்த எண் வேண்டும். விண்ணப்பிப்பவரின் பெயர், முகவரி, கைபேசி எண் எல்லாம் அதில் இருக்கும். எண்ணைத் தட்டி ஓடிபி கேட்டார். 'அனுப்பப்பட்டது' என்று திரை சொன்னது. நாங்கள் மூவரும் அவள் போனைப் பார்த்தோம். ஒன்றும் வரவில்லை. சித்தியின் போனிலும் வரவில்லை.

அண்ணன் திரையில் தெரிந்த கடைசி நான்கு இலக்கங்களைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார்.

"தம்பி, இது நம்ம கடைப் பையன் நம்பர்ல. அவன் போயி மூணு வருசமாச்சே."

ஒரு பெண்ணின் அரசுப் பதிவில் கடையில் வேலை பார்த்த பையனின் எண் எப்படி வந்தது? என் முதல் எண்ணம், 'என்ன பொறுப்பில்லாத வேலை' என்பதுதான். நான் மென்பொருள் எழுதுகிறவன். படிவங்களை இந்தப் பக்கத்திலிருந்து பார்த்துப் பழகியதில்லை. அன்றைக்குக் கடையில் உட்கார்ந்திருந்த நேரத்தில் அவர் சொன்னதையும், எனக்கு நினைவில் இருந்ததையும், பிறகு படித்ததையும் சேர்த்துப் பார்த்தபோது அது பொறுப்பின்மை இல்லை என்று தெரிந்தது. அதற்கு முப்பது வருடப் பழக்கம் இருக்கிறது.

*

1984இல் சி-டாட் தொடங்கப்பட்டது. சாம் பித்ரோடாவின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் அந்தத் தொலைத்தொடர்பு மாற்றத்தில் ஒரு முக்கியமான முடிவு இருந்தது. வீட்டுக்கு வீடு போன் கொடுக்க வசதியில்லாத நாட்டில், தெருவுக்கு ஒரு போன் கொடுத்து அதன் பக்கத்தில் ஓர் ஆளை உட்கார வைக்கலாம் என்பதுதான் அது. எண்பதுகளின் இறுதியிலிருந்து மஞ்சள் பலகைகள் பெருகின. காசு போடும் இயந்திரத்துக்குப் பதிலாக ஒரு மனிதர், ஒரு மீட்டர், ஒரு சின்ன பிரிண்டர். தூரம் கூடக்கூட மீட்டர் வேகமாக ஓடும். பேசி முடித்ததும் ரசீதுத் தாள் வெளியே வரும். அதைக் கிழித்துக் கொடுப்பார்கள்.

எங்கள் கைகாட்டிக் கடை தொண்ணூறுகளின் நடுவில் அண்ணனின் அப்பா போட்டது. எங்கள் பக்கத்து ஊர்களில் வீட்டுக்கு ஓர் ஆள் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று இருப்பார்கள். இங்கிருந்து வெளிநாட்டுக்குக் கூப்பிட ஒரு நிமிடத்துக்கு ஒரு நாள் கூலி போய்விடும். ஆகவே அங்கிருந்துதான் கூப்பிடுவார்கள். எந்த எண்ணுக்கு? கடையின் எண்ணுக்கு. சித்தப்பா ஞாயிற்றுக்கிழமை மதியம் கூப்பிட்டு, பத்து நிமிடத்தில் மறுபடி கூப்பிடுகிறேன் என்று வைத்துவிடுவார். கடைப் பையன் சைக்கிளில் வந்து சொல்வான். அப்பத்தா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடுவாள். சைக்கிளுக்கு ஒரு ரூபாயோ இரண்டு ரூபாயோ கொடுப்போம்.

அந்தக் காலத்துக் கல்யாணப் பத்திரிகைகளை எடுத்துப் பாருங்கள். அழைப்பவர் பெயருக்குக் கீழே ஒரு தொலைபேசி எண் இருக்கும், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் பி.பி. என்று இருக்கும். டிரங்க் கால் காலத்தில் பி.பி. என்றால் குறிப்பிட்ட ஆளுக்கான அழைப்பு. எண்ணை எடுக்கிறவரிடம் பேசாமல் இன்னாரைக் கூப்பிடுங்கள் என்று கேட்பது. அதே இரண்டு எழுத்து பிறகு, 'இது என் எண் இல்லை, ஆனால் இங்கே கேட்டால் என்னைக் கூப்பிடுவார்கள்' என்ற பொருளில் ஊர் முழுக்கப் புழங்கியது. கைகாட்டிக் கடையின் எண் எத்தனை பத்திரிகைகளில் அச்சானது என்று அண்ணனுக்கே கணக்கில்லை. வங்கிப் பாரத்திலும், பள்ளிக்கூடத்து அட்டையிலும், பாஸ்போர்ட் விண்ணப்பத்திலும்கூட அந்த எண்ணைத்தான் எழுதியிருக்கிறோம். அதில் ஏமாற்று எதுவும் இல்லை. பி.பி. என்ற இரண்டு எழுத்து உண்மையைச் சொல்லிவிடும்.

*

கைபேசி அந்த ஏற்பாட்டை உடைத்தது. 2003இல் உள்வரும் அழைப்புக்குக் காசில்லை என்று ஆனபோது சைக்கிள் பையனின் வேலை போனது. 2006இல் நாடு முழுக்க நிமிடத்துக்கு ஒரு ரூபாய் என்று வந்தபோது மீட்டரின் வேலையும் போனது. அண்ணன் பலகையை எடுக்கவில்லை, அதன்மேல் வேறு பலகை மாட்டினார். இப்போது விற்பது அழைப்பு அல்ல, அழைப்பதற்கான காசு.

முதலில் சுரண்டும் அட்டை. பிறகு எங்கள் பக்கம் 'ஈசி' என்று சொல்லும் ரீசார்ஜ். "அண்ணே, பத்து ரூவாய்க்கு ஈசி போடுங்க" என்றால் போதும். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் கடைக்கென்று ஒரு தனி சிம். விநியோகஸ்தரின் ஆள் பைக்கில் வந்து, பணத்தை வாங்கிக்கொண்டு அந்த சிம்முக்கு இருப்பை மாற்றிவிடுவார். கடைக்காரர் அதிலிருந்து சில்லறையாக வாடிக்கையாளரின் எண்ணுக்கு மாற்றுவார். எண், தொகை, ரகசிய எண், அனுப்பு. நான்கு நிறுவனம் என்றால் நான்கு பழைய பட்டன் போன்கள், ரப்பர் பேண்டு போட்டு வரிசையாக மேசையில் கிடக்கும். ஒன்றில் இருப்புத் தீர்ந்தால் விநியோக ஆள் வரும்வரை அந்த நிறுவனத்துக்காரர்கள் காத்திருக்க வேண்டும்.

பத்து ரூபாய்க்குப் பத்து ரூபாய் ஏறாது. இது ஊரில் தினமும் நடந்த சண்டை. ஜி.எஸ்.டி. வந்த பிறகான கணக்கைச் சொல்கிறேன். பத்து ரூபாய்க்குள் 18 சதவீத வரி அடக்கம். பத்தை 1.18ஆல் வகுத்தால் 8 ரூபாய் 47 காசு. அதில் ஒரு ரூபாய் செயல்பாட்டுக் கட்டணம். மிச்சம் 7 ரூபாய் 47 காசு. அண்ணன் இதை வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பார். கேட்கிறவர்கள் மீதி அவர் பைக்குள் போவதாகவே நம்பினார்கள். அவருக்குக் கிடைத்தது பத்து ரூபாய்க்கு முப்பது காசுக்கும் குறைவு. நூறு பேருக்குப் போட்டால் முப்பது ரூபாய்கூடத் தேறாது.

அந்த முப்பது ரூபாயைத் தின்ன ஒரு தவறு போதும். ஒரு இலக்கம் மாறினால் காசு முன்பின் தெரியாத ஒருவருக்கு ஏறிவிடும். அண்ணன் அந்த எண்ணைக் கூப்பிட்டு, "சார், தப்பா வந்துருச்சு, கொஞ்சம் திருப்பிப் போட்டு விடுங்க" என்று கெஞ்சியதை நானே பார்த்திருக்கிறேன். அதற்காகத்தான் நோட்டு வந்தது. வாடிக்கையாளரே தன் கையால் எண்ணை எழுதிவிட வேண்டும். தப்பாக எழுதினால் தப்பு அவருடையது. வருடக்கணக்கில் அந்த நோட்டில் ஊரின் எல்லா எண்களும் சேர்ந்தன. வடக்கே இத்தகைய நோட்டுகளிலிருந்து பெண்களின் எண்களை எடுத்து விற்றார்கள் என்று 2017இல் செய்தி வந்தது. பெண்கள் எண்ணைச் சொல்லாமலே ரீசார்ஜ் செய்யும் வசதியை ஒரு நிறுவனம் கொண்டுவர வேண்டியிருந்தது. எங்கள் ஊரில் பெண்கள் அந்தச் செய்திக்கு முன்பே ஒரு வழி வைத்திருந்தார்கள். நோட்டில் எழுதாமல், சின்னப் பிள்ளைகளிடம் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தனுப்புவார்கள். சீட்டைக் கையோடு திரும்ப வாங்கிவர வேண்டும். நான் அப்படி எத்தனையோ சீட்டுகள் கொண்டுபோயிருக்கிறேன்.

இவ்வளவு தொல்லையிலும் ஒரு நன்மை இருந்தது. பத்து ரூபாய் இருந்தால் ஓர் எண் உயிரோடு இருந்தது. 2005 கடைசியில் லைஃப்டைம் கார்டு வந்தது. அப்பத்தாவுக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தோம். அவ்வப்போது ஒரு சின்ன ரீசார்ஜ் போட்டுக்கொண்டிருந்தால் போதும், மகன் கூப்பிடுவது வரும். அவள் யாரையும் கூப்பிட்டதில்லை. வெட்ட வேண்டுமானால் சிவப்புப் பட்டன் என்று மட்டும் தெரியும். ஆனால் அந்த எண் அவளுடையது. பி.பி. இல்லாத முதல் எண்.

*

2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. பேசுவதற்குத் தனிக் காசு இல்லை என்று ஆனது. ஒரு நிமிடத்தின் விலையை நம்பி நடந்த நிறுவனங்கள் மூடின அல்லது ஒன்றோடொன்று சேர்ந்தன. மிஞ்சியவை, காசு போடாமல் உள்வரும் அழைப்பை மட்டும் வாங்கிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தன. அதாவது அப்பத்தாக்களை. 2018 இறுதியில் பெரிய நிறுவனங்கள் 28 நாளுக்குக் குறைந்தபட்சம் 35 ரூபாய் என்று விதித்தன. போடாவிட்டால் முதலில் வெளியே போகும் அழைப்பு நிற்கும், பிறகு உள்ளே வருவதும் நிற்கும். பிறகு அந்த 35 ஏறிக்கொண்டே போனது. 28 நாள் என்பதால் வருடத்துக்குப் பன்னிரண்டு அல்ல, பதின்மூன்று முறை.

கடைக்கு இது இரண்டு பக்கமும் அடி. சில்லறை ரீசார்ஜ் போனது. பெரிய ரீசார்ஜ் போடுகிறவர்கள் கையிலேயே செயலி வந்துவிட்டது. ஆனால் நான் சொல்ல வருவது கடையின் நஷ்டத்தைப் பற்றி அல்ல. வீட்டில் மூன்று எண் இருந்த இடத்தில் ஒன்று மட்டும் மிஞ்சியது. கிழவியின் எண்ணை விட்டுவிட்டார்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு எண் தேவையில்லை என்று வைத்தார்கள். சலுகை கொடுக்கிறார்கள் என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிம்மை மாற்றினார்கள். கைவிட்ட எண் சும்மா கிடப்பதில்லை. இணைப்பு நிறுத்தப்பட்டு குறைந்தது 90 நாள் கழிந்தால் அது வேறு ஒருவருக்குத் தரப்படலாம். 2023இல் உச்ச நீதிமன்றத்தில் ஒழுங்குமுறை ஆணையமே இதைத் தெளிவாகச் சொன்னது. பழைய எண்ணில் இருப்பதை அழித்துக்கொள்வது சந்தாதாரரின் பொறுப்பு என்று வழக்கு முடிந்தது. வாட்ஸப்பை அழிக்கலாம். அப்பத்தா எந்தெந்த அலுவலகத்தில் அந்த எண்ணைக் கொடுத்தாள் என்பது யாருக்குத் தெரியும்?

எண்கள் இப்படி ஆளை விட்டுக் கழன்றுகொண்டிருந்த அதே வருடங்களில்தான் எல்லாப் படிவமும் எண் கேட்கத் தொடங்கியது. ஆதார், வங்கி, ஸ்மார்ட் ரேஷன் கார்டு, பயிர்க் காப்பீடு, தேர்வாணையம், கல்லூரி. 2022 நவம்பரில் மின் இணைப்பு எண்ணோடு ஆதாரைச் சேர்க்கச் சொன்னபோது கைகாட்டியில் காலை ஆறு மணிக்கு வரிசை நின்றது. எல்லோர் கையிலும் வெள்ளை ஈ.பி. அட்டை. பாதிப் பேரிடம் ஓடிபி வரவேண்டிய போன் இல்லை.

*

இப்போது கடையின் முக்கிய வேலை இதுதான். விண்ணப்பம் நிரப்புவது என்றால் தட்டச்சு மட்டும் என்று நான் நினைத்திருந்தேன். அரை நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். புகைப்படத்தை இத்தனை கேபிக்குள் சுருக்க வேண்டும், கையெழுத்தை வெள்ளைத் தாளில் போடச்சொல்லி படம் எடுத்து வெட்ட வேண்டும். ஆதாரில் இன்ஷியல் பின்னால், மாற்றுச் சான்றிதழில் முன்னால், ரேஷன் கார்டில் இன்ஷியலே இல்லை என்றால் எதை மூலமாக வைப்பது என்று முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவு தப்பானால் விண்ணப்பம் இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வரும். அதைச் சொல்லும் குறுஞ்செய்தியும் எண்ணுக்குத்தான் வரும்.

அந்த எண்ணைக் கேட்கும் கட்டத்தில்தான் வரிசை நிற்கிறது. "நம்பர் சொல்லுங்க ஆயி" என்றால், "ஏதாச்சும் ஒண்ணு போடப்பா" என்பார்கள். மகன் திருப்பூரில், மருமகள் போனை எடுத்துக்கொண்டு நூறு நாள் வேலைக்குப் போயிருக்கிறாள். பின்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள். பையன் தன் போனை எடுத்துத் தன் எண்ணைப் போடுவான். ஓடிபி உடனே வரும், வேலை முடியும். அவன் செய்தது புதிதில்லை. கடையின் பழைய பி.பி. வழக்கம்தான். ஒரே ஒரு வித்தியாசம், படிவத்தில் அந்த இரண்டு எழுத்தைப் போட இடம் இல்லை. அந்த எண்ணே ஆள் என்று கணினி எடுத்துக்கொண்டது.

கணினி என்று பொதுவாகச் சொல்லித் தப்பிக்க எனக்கு உரிமையில்லை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் ஒரு வாடிக்கையாளர் பதிவு அட்டவணையில் நானே எழுதிய வரி இது:

```
mobile CHAR(10) NOT NULL UNIQUE
```

ஒவ்வொருவருக்கும் கட்டாயம் ஓர் எண் உண்டு, ஓர் எண் ஒருவருக்கு மட்டுமே உரியது. கூட்டத்தில் யாரும் கேள்வி கேட்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை. கடையின் எண்ணுக்கு அப்பத்தாவோடு சைக்கிளுக்குப் பின்னால் ஓடிப்போனவன் நான். எழுதும்போது அது நினைவுக்கு வரவில்லை.

*

சித்தப்பா மகளின் கதைக்கு வருகிறேன். பையன் இப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இருந்தான். அந்த எண்ணை விட்டிருந்தால் எல்லாம் முடிந்தது. முன்பின் தெரியாத ஒருவர் போனில் ஓடிபி போய் விழுந்திருக்கும். நல்லவேளை, விடவில்லை. கூப்பிட்டோம், எடுக்கவில்லை. ஷிப்டில் போனை வெளியே வைத்துவிட வேண்டும் என்று அண்ணன் சொன்னார். சாப்பாட்டு நேரத்தில் கூப்பிடுவான் என்று காத்திருந்தோம். ஒன்றரை மணிக்குக் கூப்பிட்டான்.

"யாரு மகடா?" என்று அவன் கேட்டதும் அண்ணன் சொன்னார். "அட, அந்தப் பாப்பாவா? காலேசுக்கா? அனுப்புங்கண்ணே."

ஓடிபியை மறுபடி அனுப்பினோம். முதல் எண் அவன் வாசிப்பதற்குள் காலாவதியானது. இரண்டாவது முறை அவன் ஒவ்வோர் இலக்கமாகச் சொல்ல, அண்ணன் தட்ட, பக்கம் திறந்தது. யாரிடமும் இதைப் பகிராதீர்கள் என்று எந்த ஓடிபியோடும் சொல்வார்கள். அதை அப்படியே கடைப்பிடித்திருந்தால் அன்றைக்கு வேலை நடந்திருக்காது. இப்படிச் சொல்லிப் பழகிய ஊரில்தான் வங்கி மேனேஜர் பேசுகிறேன் என்று கூப்பிடுகிறவனுக்கும் சொல்லிவிடுகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். இரண்டும் ஒரே பழக்கத்தின் இரண்டு பக்கம்.

மாற்றுச் சான்றிதழ், குடும்ப அட்டை, வீட்டில் இருப்பவர்களின் படிப்பு விவரம், உறுதிமொழிப் படிவம் எல்லாம் ஏற்றினார். அரசுக் கட்டணம் 60 ரூபாய். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலரிடம் போய், வருவாய் ஆய்வாளரைத் தாண்டி, வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒப்புதலாகிச் சான்றிதழ் வர எட்டு நாள் ஆனது. கடைசி தேதிக்கு மூன்று நாள் மிச்சம் இருந்தது.

2023இல் இ-சேவை மையம் நடத்த எல்லோருக்கும் வாய்ப்பு என்று அரசு திறந்துவிட்டபோது அண்ணனும் விண்ணப்பித்து முறையான அடையாள எண் வாங்கிவிட்டார். இப்போது கடையில் யாருடைய எண்ணையும் போடுவதில்லை. எண் கேட்கும் இடத்தில் நிறுத்தி, "இந்த நம்பர் யாருகிட்ட இருக்கு? அடுத்த வருசமும் இருக்குமா?" என்று கேட்கிறார். பதில் சரியில்லை என்றால் நாளைக்கு வாருங்கள் என்று திருப்பி அனுப்புகிறார். சிலர் கோபித்துக்கொண்டு அடுத்த ஊர்க் கடைக்குப் போய்விடுகிறார்கள். அங்கே பையன்கள் இருக்கிறார்கள்.

கிளம்பும் முன் அப்பத்தாவின் முதியோர் ஓய்வூதிய விண்ணப்பத்தையும் கொடுத்தேன். அவளுடைய லைஃப்டைம் எண் போய் நான்கு வருடமாகிறது. இப்போது அது யாரிடம் இருக்கிறதோ. அண்ணன் என் சென்னை எண்ணைப் பதிந்தார். அச்செடுத்த ஒப்புகைச் சீட்டை லேமினேட் செய்வதற்கு முன் திருப்பி, பின்பக்கத்தில் பால்பாயிண்டால் எழுதினார். அப்பத்தா பெயர், விண்ணப்பித்த தேதி, என் எண். எண்ணுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு பி.பி. என்றார்.

"நாளைக்கு நீ நம்பரை மாத்துனாலும், யாருகிட்ட கேக்கணும்னு தெரியணும்ல தம்பி."

சீட்டு சூடான பிளாஸ்டிக்குக்குள் போய் வெளியே வந்தது. லேமினேஷனுக்கு இருபது ரூபாய் வாங்கிக்கொண்டார்.